கணக்கில் 143, ரேக்கில் 83: கிடங்குப் பயிற்சியாளருக்கான சரக்கிருப்பு வழிகாட்டி

மாதவரத்தில் மோட்டார் உதிரிபாகங்களை விற்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் சப்ளை செயின் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் கையில் ஓர் எக்செல் தாள் வந்து சேர்ந்தது. அதில் பொருளின் குறியீடு, கையிருப்பு, மறுஆணை மட்டம் என்று மூன்று பத்திகள் இருந்தன. மறுஆணை மட்டம் என்பதைக் கிடங்கில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரீஆர்டர் லெவல் என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் பத்தியில் உள்ள எண் மூன்றாம் பத்தியில் உள்ள எண்ணைவிடக் குறைந்தால் கொள்முதல் பிரிவுக்குத் தகவல் சொல்வதே என் வேலை என்றார்கள். கேட்பதற்கு எளிதாக இருந்த அந்த வேலையில், இரண்டு பத்திகளுமே தவறாக இருக்கக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தை நீங்கள் ஒரு வாரமாகச் சுருக்கிக்கொள்ள இந்த வழிகாட்டி உதவும். பல பொருள்களைத் தொட்டுச் செல்லாமல், ஒரே ஒரு பொருளை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடர்கிறேன்.

அந்தப் பொருள் 6204 என்ற பால் பேரிங். உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. சிறு மோட்டார்களில் மிகுதியாகப் பயன்படுவது. எங்களிடம் இது இரண்டு வகைகளில் இருந்தது. இருபுறமும் உலோக மூடி கொண்டது `6204-ZZ`, இருபுறமும் ரப்பர் சீல் கொண்டது `6204-2RS`. அளவு ஒன்றே, பெட்டியின் நிறமும் ஒன்றே. கையில் எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் ஒன்று பளபளப்பாகவும் மற்றது கருப்பு வளையமாகவும் தெரியும். இந்த ஒற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

முதல் படி: திரைக்கு முன் தரையைப் பாருங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு முழு நாளைக் கிடங்கின் தரையில் செலவிடுங்கள். ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு முகவரி இருக்கும். எங்கள் கிடங்கில் `6204-ZZ` இருந்த இடம் `B-03-2-05`. அதாவது பி வரிசை, மூன்றாவது ரேக், இரண்டாவது தட்டு, ஐந்தாவது பின். பின் என்பது தட்டில் ஒரு பொருளுக்கென்று ஒதுக்கிய சிறு அறை. ஆனால் ஒரு பொருள் அதன் முகவரியில் மட்டுமே இருப்பதில்லை. பின் நிரம்பிவிட்டால் மிச்சம் மேல்தட்டுக்குப் போகிறது. லாரியிலிருந்து இறங்கியது தர ஆய்வு முடியும்வரை தனி மூலையில் இருக்கிறது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியது ரிட்டர்ன் கூண்டில் இருக்கிறது. ஆர்டருக்காக ரேக்கிலிருந்து எடுக்கப்பட்டு இன்னும் வண்டி ஏறாதது டிஸ்பேட்ச் பகுதியில் நிற்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டிய பொருள் இவற்றில் எந்தெந்த இடங்களில் இருக்கக்கூடும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் எண்ணும் நாளில் இந்தத் தாள் உங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

அதே நாளில் அலகையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு வந்த பேரிங்குகள் பிளாஸ்டிக் உறைக் குழாய் ஒன்றுக்குப் பத்தாக அடுக்கப்பட்டிருந்தன. சப்ளையரின் பில்லில் குழாய்க் கணக்கு, எங்கள் கணினியில் உருப்படிக் கணக்கு. வரவு பதிபவர் ஒரு நாள் அசந்து 25 குழாய்களை 25 உருப்படிகளாகப் பதிந்தால், கணக்கிலிருந்து 225 பேரிங்குகள் மறைந்துவிடும். இந்தப் பிழை வித்தியாசத்தின் அளவிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஓர் ஆறுதல்: வித்தியாசம் ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால் முதலில் அலகைச் சந்தேகியுங்கள்.

இரண்டாம் படி: ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு தாள்

கையிருப்பு என்பது யாரோ ஒருவர் தட்டச்சு செய்யும் எண்ணாக இருக்கக் கூடாது. வரவுகளையும் செலவுகளையும் கூட்டிக் கழித்து வரும் விடையாக இருக்க வேண்டும். வரவுக்கு ஜிஆர்என், செலவுக்கு இஷ்யூ ஸ்லிப், திரும்பி வந்ததற்கு ரிட்டர்ன் நோட், ஒரு பின்னிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் டிரான்ஸ்பர் ஸ்லிப் என்று ஒவ்வோர் அசைவுக்கும் எண்ணிட்ட ஒரு தாள் இருந்தாக வேண்டும். நிறுவனத்தின் மென்பொருளில் உங்களுக்குப் பார்வையிடும் உரிமைகூடத் தரப்படாவிட்டால், எக்செலில் `Ledger` என்ற தாளைத் திறந்து, நாள், குறியீடு, ஆவண எண், பின், வரவு, செலவு என்ற வரிசையில் நீங்களே எழுதி வரலாம். குறியீடு B பத்தியிலும் வரவு E பத்தியிலும் செலவு F பத்தியிலும் இருந்தால், மற்றொரு தாளில் A2 கட்டத்தில் உள்ள குறியீட்டின் இருப்பு இப்படிக் கிடைக்கும்:

```
=SUMIFS(Ledger!E:E,Ledger!B:B,A2)-SUMIFS(Ledger!F:F,Ledger!B:B,A2)
```

இதோடு, ரேக்கிலேயே தொங்கும் பின் கார்டு என்ற பழைய அட்டையை ஏளனமாகப் பார்க்காதீர்கள். பொருளைக் கையில் எடுப்பவர் எடுத்த அந்த நொடியில் ஸ்லிப் எண்ணையும் அளவையும் அந்த அட்டையில் எழுதுகிறார். கணினியில் பதிபவரோ ஸ்லிப்பைப் பார்த்து மாலையில் பதிகிறார். ஆகவே ஸ்லிப்பில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கணினி சொல்கிறது. கை உண்மையில் எந்தப் பின்னுக்குள் போயிற்று என்பதை அட்டை சொல்கிறது. இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் துப்பு கிடைக்கும். எங்கள் ஸ்டோர்கீப்பர் அண்ணன் இதைச் சுருக்கமாகச் சொல்வார்: "தம்பி, கம்ப்யூட்டருக்குக் கண்ணு கிடையாது. அட்டையைப் பாரு."

மூன்றாம் படி: மறுஆணை மட்டத்தை நீங்களே கணக்கிடுங்கள்

தாளில் உள்ள மட்டம் எப்போது, யாரால் போடப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. என் தாளில் `6204-ZZ`-க்கு 150 என்றிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கிடைக்காததால், நானே கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று மேலாளரிடம் அனுமதி கேட்டேன்.

மட்டத்தின் பொருள் இதுதான்: இன்று ஆர்டர் போட்டால் சரக்கு ரேக்கில் வந்து அமரும்வரை எத்தனை உருப்படிகள் செலவாகும், அதற்கு மேல் எதிர்பாராததற்கு எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டின் கூட்டுத்தொகை. முதல் பகுதிக்கு நாள் செலவும், சரக்கு வந்து சேர ஆகும் காலமான லீட் டைமும் வேண்டும். இரண்டாம் பகுதிக்குப் பெயர் சேஃப்டி ஸ்டாக்.

நாள் செலவை எடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. கடந்த 12 வாரங்களில், வாரத்துக்கு ஆறு வேலை நாள்கள் வீதம் 72 நாள்களில், 1,296 பேரிங்குகள் செலவாகியிருந்தன. வகுத்தால் நாளுக்கு 18. ஆனால் அந்த 72 நாள்களில் 8 நாள்கள் பின் காலியாகவே கிடந்தது. கேட்டவர்களுக்குக் கொடுக்க முடியாததால் செலவு பூஜ்யமாகப் பதிவாகியிருந்தது. சரக்கு இல்லாத நாளின் பூஜ்யம், தேவை இல்லாததைக் காட்டுவதில்லை. அந்த எட்டு நாள்களை நீக்கி 64-ஆல் வகுத்தால் நாளுக்கு 20.25, ஏறக்குறைய 20 என்று வருகிறது. இதைக் கவனிக்காவிட்டால், தட்டுப்பாடு நேர்ந்த பொருளுக்கே மட்டம் குறைவாக அமைந்து, அடுத்த தட்டுப்பாட்டுக்கு அதுவே வழி செய்துவிடும். அந்த 64 நாள்களின் செலவு ஏற்ற இறக்கத்தை `STDEV.S` கொண்டு பார்த்ததில் திட்டவிலக்கம் 8 என்று கிடைத்தது.

லீட் டைமைச் சப்ளையரிடம் கேட்காதீர்கள். எங்கள் சப்ளையர் கோவையில் இருந்தார். கேட்டால் ஒரு வாரம் என்பார். ஆர்டர் ஒப்புதலுக்காக எழுதப்பட்ட நாளிலிருந்து, சரக்கு ஆய்வு முடிந்து ரேக்கில் ஏறிய நாள்வரை எண்ணினால்தான் உண்மை தெரியும். கடைசி எட்டு வரவுகளுக்கு நான் எண்ணியபோது 8, 9, 8, 10, 9, 11, 16, 9 வேலை நாள்கள் என்று வந்தன. சராசரி 10, திட்டவிலக்கம் 2.62. இங்கே நாள் என்பது இரண்டு இடங்களிலும் ஒரே பொருளில் இருக்க வேண்டும். செலவை வேலை நாளுக்கும் லீட் டைமை நாள்காட்டி நாளுக்கும் எடுத்தால் மட்டம் தேவையின்றி வீங்கிவிடும்.

எக்செலில் B2-இல் நாள் செலவு, C2-இல் அதன் திட்டவிலக்கம், D2-இல் லீட் டைம், E2-இல் அதன் திட்டவிலக்கம் இருந்தால், சேஃப்டி ஸ்டாக்குக்கான சூத்திரம்:

```
=ROUNDUP(NORM.S.INV(0.95)*SQRT(D2*C2^2+B2^2*E2^2),0)
```

எங்கள் எண்களுக்கு விடை 96. லீட் டைமில் செலவாகக்கூடிய 200-உடன் இதைக் கூட்டினால் 296. குழாய்க்குப் பத்து என்பதால் 300. சூத்திரத்தில் உள்ள 0.95 என்பது, ஓர் ஆர்டர் போட்டுச் சரக்கு வரும்வரையிலான காலத்தில் பின் காலியாகாமல் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 95 என்பதைக் குறிக்கிறது. நூறு வாடிக்கையாளர்களில் 95 பேருக்குச் சரக்கு கிடைக்கும் என்று இதைப் பொருள்கொள்வது தவறு; நான் முதலில் அப்படித்தான் எழுதித் திருத்தப்பட்டேன்.

இந்த 300 என்ற எண்ணைப் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டியபோது, மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த 16 நாள் எப்போ வந்தது?" தேடிப் பார்த்தேன். அது பொங்கலையொட்டிப் போட்ட ஆர்டர். கோவையில் பட்டறை மூடியிருந்தது; லாரி டிரைவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மற்ற ஏழு வரவுகளை மட்டும் எடுத்தால் சராசரி 9.14 நாள், திட்டவிலக்கம் 1.07. சேஃப்டி ஸ்டாக் 54-ஆகச் சுருங்கி, மட்டம் 237, அதாவது 240-க்கு இறங்குகிறது. ஒரே ஒரு தாமதம் மட்டத்தை 60 உருப்படிகள் உயர்த்தியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் இன்னொன்று உண்டு. பொங்கல் நேரத்தில் 16 நாள் ஆகும் என்றால், சராசரிச் செலவுக்கே 320 வேண்டும், 300 போதாது. அதாவது எல்லா வரவுகளையும் ஒன்றாகக் கலந்து போட்ட மட்டம் ஆண்டின் பெரும்பகுதிக்கு அதிகமாகவும், அது எதற்காக உயர்ந்ததோ அந்தப் பொங்கலுக்குக் குறைவாகவும் இருந்தது. பொங்கல் எந்தத் தேதியில் வரும் என்பது முன்னரே தெரிந்த செய்தி. தெரிந்த தாமதத்தை ஏற்ற இறக்கமாக எண்ணிச் சூத்திரத்துக்குள் போடாமல், நாள்காட்டியில் குறித்துவைப்பதே முறை. ஆகவே சாதாரண நாள்களுக்கு 240 என்றும், டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பொங்கல் விடுமுறை முடியும்வரை, லீட் டைம் 16 என்று கொண்டு கணக்கிட்ட 390 என்றும் இரண்டு மட்டங்களை வைத்தோம். புயல் மழை இப்படிப்பட்டதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. அதன் தேதியை எந்த நாள்காட்டியும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்துவதா, அந்தப் பணத்தை முடக்காமல் தட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்வதா என்பது மேலாளர் எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் இரண்டு எண்களையும் அருகருகே காட்டினால் போதும்.

இந்தச் சூத்திரம் ஒவ்வொரு நாளும் இருப்பைப் பார்ப்பதாக எண்ணிப் போடப்பட்டது. திங்கள்கிழமை மட்டுமே பார்ப்பீர்கள் என்றால், லீட் டைமோடு அந்த ஆறு வேலை நாள்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் போகும் பொருளுக்கு இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தவே வேண்டாம். அனுபவமுள்ளவரைக் கேட்டுக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

நான்காம் படி: எந்த எண்ணை மட்டத்தோடு ஒப்பிடுவது

பயிற்சியாளர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இது. கையிருப்பை மட்டும் மட்டத்தோடு ஒப்பிட்டால், ஏற்கெனவே ஆர்டர் போட்ட பொருளுக்கு மறுநாளும் ஆர்டர் போடச் சொல்வீர்கள். அதற்கு மறுநாளும் சொல்வீர்கள். ஒப்பிட வேண்டியது கையிருப்போடு வரவேண்டியதைக் கூட்டி, வாடிக்கையாளருக்கு ஒதுக்கியதைக் கழித்த எண்ணை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை `6204-ZZ`-இன் கையிருப்பு கணினியில் 143. முன்பு போட்ட 400-இல் 250 வந்துவிட, 150 வரவேண்டியிருந்தது. உறுதியான ஆர்டர்களுக்கு ஒதுக்கியது 30. ஆக 143 + 150 − 30 = 263. மட்டம் 240 என்பதால் ஆர்டர் தேவையில்லை என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

வரவேண்டியது என்ற பத்தியை அப்படியே நம்பாதீர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாதி வந்து மீதி நிற்கும் பி.ஓ. என்ற கொள்முதல் ஆர்டர்களில் சில, சப்ளையர் இனி அனுப்பப்போவதில்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்ட பிறகும் கணினியில் திறந்தே கிடக்கும். அந்த மீதி வரும்வரை காத்திருக்கும் உங்கள் கணக்கு, வராத சரக்கை நம்பி ஆர்டரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். வழக்கமான லீட் டைமைத் தாண்டியும் திறந்திருக்கும் பி.ஓ.க்களை வாரம் ஒருமுறை பட்டியலிட்டு, வருமா வராதா என்று கொள்முதல் பிரிவிடம் கேளுங்கள். எங்கள் 150 வரும் என்று உறுதி கிடைத்திருந்தது.

ஐந்தாம் படி: எண்ணுதல்

நிதியாண்டு முடியும் மார்ச் 31-ஐ ஒட்டி எல்லாவற்றையும் ஒரேயடியாக எண்ணுவது கணக்குத் தணிக்கைக்காக. கிடங்கை நடத்துவதற்கு அது போதாது. ஏப்ரலில் விழுந்த பிழை அடுத்த மார்ச்சில் தெரிந்தால், அதற்குரிய ஸ்லிப்பும் இருக்காது, ஸ்லிப் எழுதியவரும் இருக்க மாட்டார். அதனால் தினமும் சில பின்களை மட்டும் எண்ணும் சுழற்சி எண்ணிக்கைதான் உங்கள் அன்றாட வேலையாக இருக்கும். ஆண்டுச் செலவின் மதிப்பில் முன்னணியில் உள்ள ஏ வகைப் பொருள்களை மாதம் ஒருமுறை, பி வகையைக் காலாண்டுக்கு ஒருமுறை, சி வகையை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை என்று எங்கள் கிடங்கில் வைத்திருந்தார்கள். `6204-ZZ` ஏ வகை.

எண்ணத் தொடங்கும் முன் கட்-ஆஃப் குறிக்க வேண்டும். அந்தப் பின்னில் கடைசியாகப் பதிவான ஜிஆர்என் எண் எது, கடைசி இஷ்யூ ஸ்லிப் எண் எது என்று எண்ணும் தாளின் தலைப்பிலேயே எழுதி, எண்ணி முடிக்கும்வரை யாரும் அதிலிருந்து எடுக்காதபடி ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுவோம். எண்ணும் தாளில் கணினி இருப்பு அச்சிடப்பட்டிருக்கக் கூடாது. 143 என்று கண்ணில் பட்டுவிட்டால், 83 வரை எண்ணியவர்கூட எங்கோ விட்டுவிட்டோம் என்று தன் எண்ணிக்கையைத்தான் சந்தேகிப்பார், அல்லது வேகமாக 143 என்று எழுதிவிடுவார். ஒருவர் எண்ண, மற்றொருவர் எழுத வேண்டும். மூடிய உறையைப் பத்து என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உறையின் முனை ஒட்டு பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள், பிரித்ததைக் கொட்டி எண்ணுங்கள். எண்ணியதில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டால் மறுபடி எண்ண மாட்டீர்கள்.

அந்தச் செவ்வாய் பிற்பகல் `B-03-2-05`-இல் எட்டு மூடிய உறைகளும் பிரித்த உறையில் மூன்றும் இருந்தன. 83. வேறொருவரை வைத்து மறுபடி எண்ணச் சொன்னோம். 83-தான். கணக்கில் 143. வித்தியாசம் 60.

ஆறாம் படி: திருத்துவதற்கு முன் காரணத்தைத் தேடுதல்

எஸ்.ஏ.பி. உள்ள கிடங்கானால், எண்ணும் ஆவணத்தை `MI01`-இல் உருவாக்கி, எண்ணியதை `MI04`-இல் பதிந்து, வித்தியாசத்தை `MI20`-இல் பார்த்து, `MI07`-இல் கணக்கைத் திருத்துவீர்கள். கடைசி இரண்டுக்கும் இடையே கணினியில் ஒரு சொடுக்குதான். உங்கள் உண்மையான வேலை அந்த இடைவெளியில் இருக்கிறது. எங்கள் கிடங்கில் வேறு மென்பொருள் இருந்தாலும் ஆசை அதேதான்: 60-ஐக் கழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று.

முதலில் டிஸ்பேட்ச் பகுதிக்குப் போனோம். அங்கே அம்பத்தூர் வாடிக்கையாளருக்கான அட்டைப்பெட்டியில் `6204-ZZ` இரண்டு உறைகள் இருந்தன. காலையில் ரேக்கிலிருந்து எடுத்திருந்தார்கள். ஸ்லிப் இன்னும் மேசைமேல் இருந்தது, கணினியில் ஏறவில்லை. கட்-ஆஃப் தாளில் எழுதிய கடைசி ஸ்லிப் எண்ணுக்கு அடுத்த எண் அது. 20-க்குக் காரணம் கிடைத்துவிட்டது. நாங்கள் அவசரப்பட்டு 60-ஐக் கழித்திருந்தால் கணக்கு 83 ஆகியிருக்கும். மாலையில் அந்த ஸ்லிப் பதிவானதும் 63 ஆகியிருக்கும். ரேக்கில் 83 இருக்கும். அடுத்த மாதம் எண்ணுபவர் 20 அதிகம் என்று எழுதி அதைக் கூட்டியிருப்பார். ஒரே பொருளில் ஒரு மாதம் குறைவும் அடுத்த மாதம் அதே அளவு அதிகமும் வந்தால், பிழை ரேக்கில் இல்லை, கட்-ஆஃபில்தான் இருக்கிறது என்று கொள்ளலாம்.

மிச்சம் 40. இப்படிப்பட்ட நேரத்தில் திருட்டு என்ற சொல் யாராவது ஒருவர் வாயில் வந்துவிடும். அதைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். பயிற்சியாளர் அதை வாயைத் திறந்து சொல்லவே கூடாது. லோடுமேன்களோடு நாளை நீங்கள் வேலை செய்தாக வேண்டும். மாறாக, தோற்றத்தில் ஒத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பாருங்கள். `B-03-2-06`-இல் இருந்த `6204-2RS`-ஐ எண்ணினோம். கணக்கில் 90, ரேக்கில் 130. சரியாக 40 அதிகம்.

இனி அட்டைகளின் முறை. மூன்று நாள்களுக்கு முன் `6204-2RS` 40 என்று ஓர் இஷ்யூ ஸ்லிப் கணினியில் பதிவாகியிருந்தது. ஆனால் அந்தப் பின்னின் அட்டையில் அப்படி ஒரு கழித்தல் இல்லை. பக்கத்துப் பின்னின் அட்டையில், அதே ஸ்லிப் எண்ணோடு, நீலப் பேனாவில் 40 கழிக்கப்பட்டிருந்தது. எடுத்தவர் நேர்மையாகத் தான் எடுத்த பின்னிலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எடுத்த பின்தான் தவறு. ரப்பர் சீல் கேட்ட வாடிக்கையாளருக்கு உலோக மூடி போட்ட 40 பேரிங்குகள் போய்விட்டன.

ஆகவே ஒரு பொருளில் 40 கழித்து மற்றொன்றில் 40 கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தால், அதுவும் பிழையே. ரப்பர் சீல் தூசியும் ஈரமும் புகாமல் தடுப்பதற்காகக் கேட்கப்படுவது. உலோக மூடி அந்த அளவுக்குத் தடுக்காது. வாடிக்கையாளர் அவற்றைப் பொருத்திவிட்டாரா, திருப்பித் தருவாரா, அப்படியே வைத்துக்கொள்வாரா என்பது தெரியாமல் கணக்கைத் தொடக் கூடாது. திருப்பித் தந்து மாற்றிக்கொண்டால், கணினியில் முதலில் பதிந்ததே சரியாகிவிடும். திருத்தம் போட்டிருந்தால் அதுவே புதிய பிழையாக நிற்கும். வைத்துக்கொள்வதானால் ஸ்லிப்பையும் பில்லையும் மாற்ற வேண்டும், அது கணக்குப் பிரிவின் வேலை. விற்பனைப் பிரிவு பேசி முடிக்கும்வரை, கணக்கில் உள்ள 40 `6204-ZZ`-ஐ நிறுத்திவைத்த இருப்பு என்ற தனி இடத்துக்கு மாற்றி, ரேக்கில் மிகுந்திருந்த 40 `6204-2RS`-ஐ அந்த வாடிக்கையாளருக்கு ஒதுக்கி வைத்தோம்.

இப்போது நான்காம் படிக்குத் திரும்புங்கள். டிஸ்பேட்ச் ஸ்லிப் பதிவானதும் ஒதுக்கியதில் 20 குறைந்து 10 ஆகிறது. கொடுக்கக்கூடிய கையிருப்பு 83. ஆக 83 + 150 − 10 = 223. மட்டம் 240. காலையில் தேவையில்லை என்று நான் குறித்த ஆர்டர் உண்மையில் தேவைப்பட்டது. நாள் செலவு 20 என்ற கணக்கில் 83 என்பது நான்கு நாள் சரக்கு மட்டுமே. அன்று மாலையே கொள்முதல் பிரிவுக்கு எழுதினேன். வாடிக்கையாளரிடமிருந்து 40 திரும்பி வரலாம் என்பதை அதில் கூட்டவில்லை. திரும்பி வரும் சரக்கு, வந்து, ஆய்வு முடிந்து, ரேக்கில் ஏறும்வரை சரக்கு அல்ல.

நான்கு நாளில் 40-ம் திரும்பி வந்தன. ஓர் உறை பிரிக்கப்பட்டிருந்ததால் அந்தப் பத்து மட்டும் ஆய்வுக்குப் போயின. ஆக, 60 என்று தொடங்கிய வித்தியாசத்துக்கு நாங்கள் போட்ட திருத்தம் பூஜ்யம்.

மாத இறுதியில் இருப்புத் துல்லியம் என்று ஓர் எண் கேட்பார்கள். அதை ரூபாயில் கணக்கிட்டுக் கொடுக்காதீர்கள். ஒன்றில் 40 குறைவும் மற்றொன்றில் 40 அதிகமும் ரூபாயில் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடும். தவறான பேரிங் போன செய்தி அதில் தெரியாது. எண்ணிய பின்களில் எத்தனை சரியாக இருந்தன என்று சொல்லுங்கள். அந்த மாதம் நாங்கள் 50 பின்கள் எண்ணி 46 பொருந்தின, 92 விழுக்காடு. பொருந்தாத நான்குக்கும் பக்கத்தில் ஒரு வரியில் காரணம் எழுதினேன். மேலாளர் விழுக்காட்டைப் பார்த்த நேரத்தைவிட அந்த நான்கு வரிகளைப் பார்த்த நேரம் அதிகம்.

அதன்பின் `6204-2RS`-ஐ `B-03-2-06`-இலிருந்து டி வரிசைக்கு மாற்றி, பின்னின் முகப்பில் ஒரு பேரிங்கைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார் ஸ்டோர்கீப்பர் அண்ணன்; கருப்பு வளையம் தூரத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து இரண்டையும் மறுபடி எண்ணியபோது, `6204-ZZ` சரியாக இருந்தது, `6204-2RS` ஒன்று குறைந்தது. கம்பியில் தொங்கிய அந்த ஒன்றுக்கு யாரும் ஸ்லிப் போடவில்லை.